இரவல் கொடுத்த லென்ஸ்: விசாரிக்காதீர்கள், கேளுங்கள்

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மார்ச் மாதம் என்னுடைய சொந்த 85 எம்எம் லென்ஸையும், நான் எடுத்த கல்யாணப் படங்கள் இருக்கிற ஹார்டு டிஸ்க்கையும் கூட வேலை செய்யும் அண்ணா ஒருவர் இரவல் வாங்கினார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவெல்லாம் துணைக்கு இருந்தவன் நான். இப்போது அவர் வேலையை விட்டு இந்த மாத முடிவோடு போகிறார். "லென்ஸ் இன்னும் தேவைப்படுதா அண்ணா?" என்று இரண்டு தரம் மெசேஜ் போட்டேன். முதல் தரம் "ஓம், கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். இரண்டாவதற்குப் பதில் இல்லை. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். பொலிஸில் சொல்லலாமா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஆஸ்பத்திரியில் நீங்கள் விழித்திருந்ததை வழக்கில் யாரும் கேட்க மாட்டார்கள். அதை ஒரு பக்கம் வையுங்கள். சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: திருப்பித் தரும்படி நீங்கள் தெளிவாகக் கேட்டீர்களா? இன்னும் கேட்கவில்லை. "தேவைப்படுதா அண்ணா" என்பது விசாரிப்பு. அவர் "இருக்கட்டும்" என்றார், நீங்கள் அதை மறுக்கவில்லை. அந்த இரண்டு வரியையும் வாசிக்கும் நீதிபதி, நீங்களே தவணை நீட்டிக் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இரவல் கொடுப்பது இங்கே ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிற ஒப்பந்தம். திகதி பேசாமல் கொடுத்திருந்தால், எந்த வேலைக்காக வாங்கினாரோ அதற்கு நியாயமான காலம் போன பிறகு, கேட்டதும் அவர் தர வேண்டும். நீங்கள் கேட்டு, கொடுத்த அவகாசமும் கடந்த பிறகுதான் அவர் பக்கம் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பது மனவருத்தம் மட்டுமே.

கேட்பது என்றால் கடுமையாகக் கேட்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கூச்சத்துக்கும் சட்டத்துக்கும் இங்கே சண்டையே இல்லை. இப்படி எழுதுங்கள்:

"அண்ணா, மார்ச்சில உங்களுக்கு இரவல் தந்த என்ட 85 எம்எம் லென்ஸும் கறுப்பு ஹார்டு டிஸ்க்கும் வாற கிழமை ஒரு வேலைக்கு எனக்கு வேணும். வெள்ளிக்கிழமை ஒபிஸுக்குக் கொண்டு வாங்கோ. இல்லாட்டி சனிக்கிழமை காலமை நானே வீட்ட வந்து எடுக்கிறன்."

இதில் சந்தேகத்தின் வாடை ஒரு சொல்லிலும் இல்லை. ஆனால் சட்டத்தரணியான எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: என்ன பொருள், யாருடையது, இரவலாகக் கொடுத்தது, எந்த நாளுக்குள் வேண்டும். காரணம் சொல்லும்படி சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் உண்மையான காரணம் ஒன்றைச் சொன்னால் எதிராளிக்கு முகம் சுருங்காது. "நீங்க வேலைய விடுறீங்க எண்டு கேள்விப்பட்டன், அதான்" என்று மட்டும் சேர்க்காதீர்கள். சந்தேகம் அந்த வரியில்தான் வெளியே வரும்.

அவர் "சரி தம்பி, வெள்ளிக்கிழமை கொண்டு வாறன்" என்று பதில் போட்டால், பொருள் உங்களுடையது, அவரிடம் இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாட்ஸ்அப் செய்தியை இப்போது சாட்சியமாகக் காட்டலாம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு வழி செய்கிறது. தானாக மறைகிற செட்டிங் அந்த அரட்டையில் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் போனில் இருக்கும் அசலை அழிக்காதீர்கள்.

இனி நான் பயப்படுகிற இடம். இப்படிப்பட்ட விஷயங்களில் என்னிடம் வருகிறவர்கள் பொருளைத் தொலைத்துவிட்டு மட்டும் வருவதில்லை. கேட்ட விதத்தால் பிரதிவாதியாகி வருகிறார்கள். ஒருவர் கமராக் கருவி இரவல் கொடுத்திருந்தார். இரண்டு கிழமை பதில் வராத கோபத்தில் ஒபிஸ் வாட்ஸ்அப் குழுவில் "என்ட சாமானைச் சுட்டுட்டுப் போறார், எல்லாரும் கவனமா இருங்கோ" என்று எழுதினார். கருவியோ அதற்கு முதல் நாளே ஒபிஸ் ஸ்டோரில் ஒப்படைக்கப்பட்டு, புத்தகத்தில் கையொப்பமும் இருந்தது. அடுத்த மாதம் அவதூறுக்கு நட்டஈடு கேட்டுச் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அதே குழுவில் மன்னிப்பு எழுதித்தான் அதை முடித்தோம்.

அவதூறுச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்தானே என்று பலர் சொல்வார்கள். 2002இல் நீக்கப்பட்டது குற்றவியல் அவதூறு. நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. அவருக்கு மட்டும் எழுதுவது ஒரு கதை, மூன்றாவது ஆள் பார்க்கும்படி எழுதுவது வேறு கதை. மேலாளருக்குப் பிரதி போடுவதும் மூன்றாவது ஆள்தான்.

பொலிஸ் இப்போது வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 388, 389ஆம் பிரிவுகளில் நம்பிக்கை மோசடி இருக்கிறது, உண்மை. ஆனால் அதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும்: விற்றார், அடகு வைத்தார், வாங்கவே இல்லை என்று மறுத்தார் என்று ஏதாவது. தாமதம் மட்டும் குற்றமாகாது. "பொலிசுக்குப் போவன்" என்று மெசேஜில் மிரட்டவும் வேண்டாம். நாளைக்கு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். அவர் இல்லாத நேரம் மேசை லாச்சியைத் திறந்து எடுக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பொருள் உங்களுடையது என்றாலும், அடுத்தவர் கைவசம் இருப்பதை அனுமதியில்லாமல் எடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

ஹார்டு டிஸ்க்தான் உங்கள் கதையில் சிக்கலான சாமான். அதில் ஒபிஸ் வேலையும் கிடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடந்தால், நிர்வாகத்திடம் முறையிடும்போது வருகிற முதல் கேள்வி "நிறுவனக் கோப்பு உம்முடைய சொந்த டிஸ்க்கில் ஏன்?" என்பதாக இருக்கும். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு எழுதும்போது "உங்கட கோப்புகளைக் கொப்பி பண்ணிக்கொண்டு டிஸ்க்கை அப்பிடியே தாங்கோ, ஒண்டும் அழிக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். சுத்தம் செய்து தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் ஃபோர்மட் செய்துவிடுகிற ஆட்கள் உண்டு. அழிந்த கல்யாணப் படத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. பென்டிரைவில் படங்களை மட்டும் போட்டுத் தந்தால் வாங்கி வையுங்கள், ஆனால் டிஸ்க் இன்னும் வரவில்லை என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை தாண்டினால் புதுத் திகதியோடு இன்னொரு மெசேஜ், அதுவும் தாண்டினால் பதிவுத் தபாலில் கடிதம். அசையும் பொருளைத் திருப்பிக் கேட்க 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. அதனால் காலம் இப்போது உங்களை நெருக்கவில்லை. அவர் கொழும்பை விட்டுப் போவதுதான் நெருக்குகிறது. போகிற இடத்து முகவரியை இப்போதே கேட்டு வையுங்கள்.

லென்ஸ் விழுந்து உடைந்துவிட்டது என்று அவர் சொன்னால், அவருடைய கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. சாதாரணத் தேய்மானத்துக்கு இல்லை. ஆனாலும் பழுது பார்க்கும் செலவையோ, பழைய லென்ஸின் விலையில் பாதிக்கு மேலான ஒரு தொகையையோ நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பழைய லென்ஸுக்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கினால், தவணைக்குத் தவணை போகும் காசும் லீவும் லென்ஸின் விலையைத் தின்றுவிடும். இந்தப் பெறுமதியில் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்புவார்கள், அங்கே கேட்கப்போவதும் இதே சமரசம்தான். காசை வாங்கும்போது தொகை, திகதி, இது லென்ஸுக்கு மட்டும், டிஸ்க் தனி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள்.