ஒப்படைப்பில் யாரை முதலில் சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, செவிலியர்கள் டியூட்டி மாறும்போது நோயாளிகளைப் பற்றி வாய்மொழியாகச் செய்யும் ஒப்படைப்பின் வரிசையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வார்டில் 24 படுக்கைகள். முதல் படுக்கையில் தொடங்கி 24இல் முடிப்பதே வழக்கம். கவலைக்கிடமானவர்களை முதலில் சொல்லலாம் என்றேன். வரிசை குலைந்தால் யாராவது விடுபட்டுப் போவார்கள் என்று மூத்த சிஸ்டர் மறுக்கிறார். எது சரி?

பதில்: அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காகப் படுக்கை எண்ணைப் பிடித்துக்கொண்டால், 22ஆம் படுக்கையில் மூச்சுத் திணறுபவரைப் பற்றிய செய்தி அரை மணி நேரம் கழித்துத்தான் வெளிவரும். அதற்குள் சொல்பவரும் களைத்திருப்பார், கேட்பவரும் களைத்திருப்பார்.

இரண்டு சுற்றுகளாகச் செய்யுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் யார் என்பதை முதல் சுற்றில் சொல்லுங்கள். பிறகு முதல் படுக்கையிலிருந்து எண் வரிசையில் அனைவரையும் சொல்லி, மொத்த எண்ணிக்கையைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இப்படிச் செய்தால் யாரும் விடுபட மாட்டார்கள்.

அறுவை அரங்கிலிருந்தோ தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தோ அன்று வந்தவர், ஆக்சிஜன் தேவை கூடியவர், இரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், உங்கள் டியூட்டியில் மருத்துவரை அவசரமாக அழைக்க நேர்ந்தவர் ஆகியோர் முதல் சுற்றுக்கு உரியவர்கள். காரணம் சொல்லத் தெரியாமல் உங்கள் மனத்தை உறுத்துகிற நோயாளியையும் அதில் சேருங்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து பேர் வருவார்கள். பன்னிரண்டு பேரை முதல் சுற்றில் வைத்தால், நீங்கள் இன்னும் வரிசைப்படுத்தவே இல்லை என்று பொருள்.

கேள்வி: "ஸ்டேபிள்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எல்லா அளவுகளும் இயல்பாக இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

பதில்: பல ஆண்டுகளாக இந்தச் சொல்லோடு போராடி வருகிறேன், மறுபடியும் எழுதுகிறேன். "ஸ்டேபிள்" என்பது நோயாளியைப் பற்றிய தகவல் அல்ல, அது உங்கள் முடிவு. அந்த முடிவுக்கு வர நீங்கள் பார்த்த எண்களை மறைத்துவிட்டு முடிவை மட்டும் கையளித்தால், அடுத்து வருபவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

நான் பொறுப்பேற்றிருந்த ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். 12ஆம் படுக்கையில் இருந்தவர் குடல் அறுவை முடிந்து முதல் நாளில் இருந்தார். எடை ஏறக்குறைய 60 கிலோ. மாலை 4 மணிக்கு நாடித் துடிப்பு 84, இரத்த அழுத்தம் 128/80, முந்தைய ஒரு மணி நேரச் சிறுநீர் 45 மி.லி. ஆறு மணிக்கு நாடி 98, அழுத்தம் 118/76, சிறுநீர் 30 மி.லி. ஏழரைக்கு நாடி 114, அழுத்தம் 108/70, சிறுநீர் 18 மி.லி. வயிற்றிலிருந்து கசிவை வடிக்கும் ட்ரெயின் குழாயில் பகல் முழுவதும் வெளிறிய நீராக 60 மி.லி. வந்திருந்தது, மாலைக்குப் பின் சிவப்பாக இன்னும் 150 மி.லி. சேர்ந்திருந்தது. எட்டு மணிக்கு நடந்த ஒப்படைப்பில் அவருடைய முறை பன்னிரண்டாவதாக வந்தது. "குடல் ஆபரேஷன், முதல் நாள், ஸ்டேபிள், பி.பி. 108/70, ட்ரெயின் வருகிறது" என்பதோடு முடிந்துவிட்டது. இரவுச் செவிலியர் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ பத்து மணிக்கு. அப்போது அழுத்தம் 84/50, கைகால்கள் சில்லிட்டிருந்தன. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

அந்த ஒப்படைப்பில் பொய் ஏதும் இல்லை. 108/70 என்பது பலருக்கு இயல்பான அளவுதான். ஆனால் இரத்தம் குறையும்போது, உடல் நாடியை விரைவாக்கியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது; மொத்த இரத்தத்தில் கால் பங்குக்கு மேல் போன பிறகும் மேல் அழுத்தம் பெரிதாகச் சரியாமல் நிற்கக்கூடும். ஆகவே அழுத்தம் கடைசியில்தான் விழும். அதற்கு வெகு முன்பே நாடி ஏறும், சிறுநீர் குறையும். வளர்ந்தவருக்கு மணிக்கு, கிலோ ஒன்றுக்கு அரை மி.லி. சிறுநீராவது வர வேண்டும். இவருக்கு அது 30 மி.லி. ஆறு மணிக்கு அந்த எல்லையைத் தொட்டார், ஏழரைக்கு அதற்குக் கீழே போனார். ஒவ்வோர் எண்ணையும் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. மூன்று நேரங்களின் எண்களையும் அடுத்தடுத்துச் சொல்லியிருந்தால், புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்குக்கூட விளங்கியிருக்கும். ஒரு விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள்: பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். அவரிடம் சிறுநீரையும் ட்ரெயினையும் தோலின் குளிர்ச்சியையும்தான் நம்ப வேண்டும்.

அதை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? "12ஆம் படுக்கை. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று கவலையாக இருக்கிறது. குடல் அறுவை, முதல் நாள். நாடி நான்கு மணிக்கு 84, ஆறுக்கு 98, ஏழரைக்கு 114. மேல் அழுத்தம் நான்கு மணிக்கு 128, ஏழரைக்கு 108க்கு இறங்கியிருக்கிறது. கடைசி ஒரு மணி நேரச் சிறுநீர் 18 மி.லி. மாலையிலிருந்து ட்ரெயினில் சிவப்பாக 150. ஏழரைக்கே டியூட்டி டாக்டரை அழைத்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார். எட்டேகாலுக்குள் வராவிட்டால் மறுபடியும் அழையுங்கள். அதற்கு முன்பே நாடி 120ஐத் தாண்டினாலோ மேல் அழுத்தம் 100க்குக் கீழே போனாலோ காத்திருக்காமல் அழையுங்கள்." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயின் பெயருக்கு முன்பே கவலையைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். எண் ஒவ்வொன்றோடும் நேரம் இருப்பதையும் கவனியுங்கள். நேரம் சொல்லாத எண்ணால் பயனில்லை.

கேள்வி: நல்ல ஹேண்டோவர் படிவம் ஒன்றை அனுப்பி வைக்கவும். அவசரம்.

பதில்: எந்த வார்டு, எத்தனை நோயாளிகள், ஒப்படைப்புக்கு எத்தனை நிமிடங்கள் என்ற எதையும் எழுதாமல் படிவம் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டுக்கான படிவம் எலும்பு முறிவு வார்டுக்கு உதவாது. இவற்றை எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்.

கேள்வி: எங்களுக்கு எஸ்பிஏஆர் முறையில்தான் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. எதைக் குறைப்பது?

பதில்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கில், உங்கள் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பின்னணிதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் சுருக்கமாகச் செய்தி சொல்வதற்காகப் பழகிய முறை பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்தது. ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது அது மிகப் பொருத்தமானது. வார்டு முழுவதையும் ஒப்படைக்கும்போது, கேஸ் ஷீட்டில் உள்ள பழைய வரலாற்றைப் படித்துக் காட்டத் தேவையில்லை. மருந்து ஒவ்வாமையும், இதயம் நின்றால் உயிர்ப்பிப்பு முயற்சி செய்வதா என்ற முடிவும் எவ்வளவு பழையவையானாலும் நோயாளியின் பெயரை அடுத்து வர வேண்டும். மற்றதில், இன்றைய சிகிச்சையை மாற்றக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். பரிந்துரையை ஒருபோதும் குறைக்காதீர்கள்.

கேள்வி: ஒப்படைப்பை நர்சிங் ஸ்டேஷனில் செய்வதா, படுக்கையருகில் செய்வதா?

பதில்: இரண்டிலும். அடுத்தவர் காதில் விழக் கூடாதவற்றையும் நோயாளியிடம் இன்னும் தெரிவிக்காத முடிவுகளையும் ஸ்டேஷனில் பேசுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து படுக்கைக்குப் போய் கைப்பட்டையில் பெயரைப் பாருங்கள். பம்பில் ஓடும் மருந்தின் பெயரையும் வேகத்தையும் ஆணைத்தாளோடு ஒப்பிடுங்கள். குழாயை பையிலிருந்து கை வரை விரலால் தொடர்ந்து பாருங்கள். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, ட்ரெயின் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மணிக்கு 5 மி.லி. ஓட வேண்டியது 50இல் ஓடுவதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மாலை ஏழரைக்கு இன்சுலின் போட்டேன். இரவுப் பணிக்கு வந்தவர் எட்டு மணிக்கு மறுபடியும் போடப் போனார். நோயாளி சொல்லித்தான் நின்றது. நான் ஒப்படைக்கும்போது "இன்சுலின் உண்டு" என்று சொன்னேனே?

பதில்: "உண்டு" என்றால் போட்டாயிற்றா, போட வேண்டுமா? தவறு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "எட்டு யூனிட், ஏழரைக்குப் போட்டுவிட்டேன், சாப்பாடு இன்னும் வரவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். விரைவாகச் செயல்படும் இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். நோயாளி சாப்பிட்டாரா என்பதும் மருந்தளவைப் போலவே முக்கியம். வலி மருந்துக்கும் இதே விதிதான்: கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று சொல்லாவிட்டால், அடுத்தவர் நோயாளியை வலியோடு காக்க வைப்பார், அல்லது இரட்டை மருந்து கொடுப்பார். கொடுத்ததும் கையெழுத்திடுங்கள், ஒப்படைப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், நேரத்தோடு சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வகத்திலிருந்து வரவேண்டிய முடிவுகளை எப்படி ஒப்படைப்பது? "ரிசல்ட் பெண்டிங்" என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. யார், எப்போது, வந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் சொல்லுங்கள். "9ஆம் படுக்கை, ஃப்ரூசமைட் ஊசி போகிறது, பொட்டாசியம் ஆறு மணிக்கு அனுப்பியது. ஒன்பதுக்குள் முடிவு வராவிட்டால் நீங்கள் ஆய்வகத்தை அழையுங்கள். 3.5க்குக் கீழே இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்." இதைக் கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையசைப்பை ஏற்காதீர்கள், எண்ணையும் நேரத்தையும் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் சக செவிலியர் எப்போதும் அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். அவருக்கான ஒப்படைப்பைப் பக்கத்துப் பிரிவுச் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போகலாமா?

பதில்: அவர் அந்த நோயாளிகளின் பொறுப்பை ஏற்று, கையெழுத்திட்டு, அவர்களைப் போய்ப் பார்ப்பார் என்றால் போகலாம். செய்தியைக் கடத்துவதற்கு மட்டும் என்றால் கூடாது. கை மாறும்போது முதலில் உதிர்வது எண்களும் நேரங்களும்தான். தாமதத்தை வார்டு பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.