முதல் மழைத் தண்ணீர்: எவ்வளவை வெளியே விட வேண்டும்?

கேள்வி: மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி எங்கள் வீடு. 900 சதுர அடி மொட்டை மாடி. மழைத் தண்ணீர் முழுக்க ஒரே குழாயில் இறங்கித் தரைத்தொட்டிக்குப் போகிறது. முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைப் பிடிக்க, 4 அங்குலக் குழாயில் 3 அடித் துண்டு தொங்கவிட்டு அடியில் மூடி போட்டால் போதும் என்கிறார் பிளம்பர். போதுமா?

பதில்: போதாது. அந்தத் துண்டுக் குழாயில் 8 லிட்டர்கூடப் பிடிக்காது. உங்கள் மாடிக்கு அது வாசல் தெளிக்கிற தண்ணீர் அளவுதான்.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 900 சதுர அடி என்பது ஏறக்குறைய 84 சதுர மீட்டர். ஆக, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 84 லிட்டர். தூசி குறைந்த இடத்தில் முதல் அரை மில்லிமீட்டரை ஒதுக்கினால் போதும்; அழுக்கு அதிகம் சேரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் வரை ஒதுக்குவது வழக்கம். உங்களுக்கு நான் 2 மில்லிமீட்டரே சொல்வேன், அதாவது 168 லிட்டர். கச்சான் காற்று மாதக்கணக்கில் மணலையும் உப்பையும் மாடியில் கொண்டு வந்து கொட்டுகிறது. காக்கையும் புறாவும் எச்சமிடுகின்றன. பக்கத்தில் கருவாடு காயப்போட்டால் பறவைகள் இன்னும் கூடும். அதோடு மொட்டை மாடியில் சரிவு குறைவு. தூர மூலையில் கிடக்கும் அழுக்கு மெதுவாகத்தான் குழாய் வாய்க்கு வந்து சேரும்.

168 லிட்டரை 4 அங்குலக் குழாயில் பிடிக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம் தேவை. அது நடக்காது. 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்குங்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருக்கட்டும். இறங்கு குழாயில் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயை டிரம் மூடிக்குள் இறக்குங்கள், பக்கவாயைத் தரைத்தொட்டிக்குக் கொண்டுபோங்கள். டிரம் நிரம்பியதும் தண்ணீர் ஏறி டீக்கு வந்து, தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பும். டீ, டிரம் மூடிக்குச் சற்று மேலேயே இருக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் அந்தத் தண்ணீர் அழுத்தத்தில் மூடி கசியும், டிரம்மும் உப்பும். கீழ்வாய்க் குழாயில் ஒரு மிதக்கும் பந்து போட்டு, அதன் மேலே குழாய் வாயைக் குறுக்கும் ரெடியூசர் வையுங்கள். டிரம் நிரம்பும்போது பந்து எழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் நல்ல தண்ணீர் உள்ளே கிடக்கும் கலங்கலோடு கலக்காது.

இந்த அமைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: டிரம் காலியாகும் வழி. அடியில் ஒரு திருகு மூடி வைத்து, அதில் 1.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். நிரம்பிய டிரம்மின் கீழே 1 லிட்டர் பாட்டிலைப் பிடித்தால் 3 அல்லது 4 நிமிடத்தில் நிறைய வேண்டும். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க வேகம் குறைவதால், டிரம் முழுக்க வடிய ஒரு நாள் ஆகும். அந்த வேகம்தான் சரி. துளை பெரிதாக இருந்தால் மழை பெய்யும்போதே நல்ல தண்ணீரும் சேர்ந்து வடிந்துகொண்டே இருக்கும். மிகச் சிறிதாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் மணலும் இலைத் தூளும் துளையில் அப்பிக்கொள்ளும். மழை விட்டு இரண்டு நாள் கழித்து டிரம்மைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் காலி. மந்தமாக ஒலித்தால் அடைப்பு. அப்படி விட்டால் அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தொட்டிக்குப் போகும், டிரம்மில் தேங்கிய தண்ணீரில் கொசுவும் முட்டையிடும். மூடியைத் திருகிக் கழற்றி, சேற்றைக் கழுவிவிட்டு மாட்டுங்கள். இரும்புத் திருகு எதுவும் வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கழற்றவே முடியாமல் போகும்.

200 லிட்டர் வீண் என்று தோன்றலாம். 30 மில்லிமீட்டர் மழையில் உங்கள் மாடியில் விழுவது 2,500 லிட்டர். ஒதுக்குவது அதில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் டிரம் முழுக்க வடியாமலே அடுத்த மழை வந்துவிடும். மாடி ஏற்கெனவே கழுவப்பட்டிருப்பதால் அதில் கெடுதல் இல்லை.

உங்கள் மாடிக்கு 168 லிட்டர் சரியா என்று சோதிக்க, ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்தின் முதல் மழையில் டிரம்மை இணைக்காமல், இறங்கு குழாயின் அடியில் வாளி வையுங்கள். ஒவ்வொரு 20 லிட்டருக்கும் ஒரு பாட்டில் எடுத்து வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். எண் மளமளவென்று இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அது நிற்கும் வாளி வரை ஒதுக்கினால் உப்புக்குப் போதும். ஆனால் மீட்டர் உப்பைத்தான் காட்டும்; எச்சத்தின் கிருமியைக் காட்டாது. நிறமும் கிருமியைக் காட்டாது, ஆனால் அழுக்கு மிச்சமிருப்பதைக் காட்டும்: பாட்டில் இன்னும் மஞ்சளாக இருந்தால் மேலும் இரண்டு வாளி சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் சேர்ந்ததைக் குடிப்பதாக இருந்தால், டிரம் வைத்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.