ஆட்டம் பாதியில் இருக்கும்போது பறிக்காதீர்கள்

கேள்வி: டொக்டர், தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மகனுக்கு 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். டியூஷன் குறிப்பு வட்ஸ்அப்பில் வருகிறது என்று போன் வாங்கிக் கொடுத்தோம். நாலு மாதமாக ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் கேம். கரப்பந்து விளையாடவும் போவதில்லை. போன மாதம் அவன் அப்பா போனைப் பறித்தபோது கதவை எட்டி உதைத்தான். இது வியாதியா? போனை விற்றுவிடலாமா?

பதில்: அம்மா, கதவை உதைத்ததை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். கடிதத்தில் எனக்கு உறுத்தியது கரப்பந்துதான்.

பையன்கள் ஆடுகிற சுடும் விளையாட்டுகள் பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆடுபவை. ஒரு ஆட்டம் 10 நிமிடத்திலிருந்து அரை மணி வரை போகும், நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. விலகினால் ரேங்க் இறங்கும், கூட்டாளிகள் திட்டுவார்கள். உங்கள் கொழுந்து தராசில் தொங்கும்போது யாராவது கையைப் பிடித்து இழுத்தால் உங்களுக்கும் கோபம் வரும்தானே? அதை வைத்து வியாதி என்று சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பார்ப்பது மூன்று விஷயம்: நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னுக்கு வருவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவை படிப்பையோ வீட்டையோ நன்றாகவே பாதித்திருக்க வேண்டும், வழக்கமாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். நிலைமை மோசமென்றால் அதற்கு முன்பும் முடிவு செய்வோம். எத்தனை மணி நேரம் ஆடினான் என்ற கணக்கு அந்த மூன்றிலும் இல்லை. உங்கள் மகனிடம் இரண்டாவதன் சாயல் தெரிகிறது. அதற்கு மேல் ஒரு கடிதத்தை வைத்துச் சொல்வது சரியில்லை.

அதனால் ஒரு வாரம் ஒன்றும் பேசாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான், பாடசாலை போனானா, வழக்கமாகச் செய்கிற எதை விட்டான். லயத்து வீட்டில் இது கஷ்டமில்லை, கம்பளிக்குள் வெளிச்சம் தெரிந்தால் உங்களுக்கே தெரியும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் நாலு மணி நேரம்தான். சிடுசிடுப்பும் பாடம் மண்டையில் ஏறாததும் பாதி தூக்கக் குறைவாலேயே வரலாம்.

அப்புறம் பேச்சு. இரவில் வேண்டாம், கணவர் வந்திறங்கிய அன்று நிச்சயமாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நடக்கும்போது பேசுங்கள். பக்கத்தில் நடந்தபடி பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறப்பது சுலபம். "அந்த கேம்ல நீ என்ன ரேங்க்டா? யார் கூட ஆடுற?" என்று ஆரம்பியுங்கள். சொல்லி முடிக்கட்டும், புத்திமதி நுழையக் கூடாது. பிறகு, "கரப்பந்துக்குப் போறத ஏன் விட்டுட்ட?" அவ்வளவுதான். பதில் வராவிட்டால் பேசாமல் நடங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வந்த ஒரு பையன் விளையாட்டுத் திடலை விட்டது சப்பாத்து கிழிந்ததால். கேலி செய்தார்கள், கேட்க வெட்கம், போனுக்குள் போய்விட்டான். ஆறு மாதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேம் வந்ததால் கரப்பந்து போனதா, கரப்பந்து போனதால் கேம் வந்ததா என்று தெரிந்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

ஒழுங்கு ஒன்றே ஒன்று போதும்: இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, உங்கள் தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும். உடனே 10 மணி என்றால் நடக்காது. முதல் வாரம் 12.30, பிறகு வாரத்துக்கு அரை மணி குறையுங்கள். நேரம் நெருங்கும்போது "இதுதான் கடைசி ஆட்டம்" என்று சொல்லுங்கள், அது முடியும்வரை பொறுங்கள். கணவரிடமும் போனில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் வந்து ஒரே இரவில் கலைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. போனை விற்க வேண்டாம். டியூஷன் குறிப்பும் போகும், அவன் கூட்டாளி போனில் ஒளிந்து ஆடுவான், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

தூக்கம் சரியான பிறகும் முகம் தெளியாமல் இருந்தால், பாடசாலைக்கே போக மறுத்தால், கேமுக்காகக் காசு திருடினால், ஆளை அடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். வெளிநோயாளர் பிரிவில் மனநல கிளினிக் என்று கேட்டால் காட்டுவார்கள். செத்துப் போகிறேன் என்று ஒரு வார்த்தை வந்தால், கோபத்தில் சொன்னாலும், அன்றைக்கே வாருங்கள். தனியாக விடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் எண், இரவிலும் எடுப்பார்கள். வரும்போது அந்தக் கொப்பியையும் எடுத்து வாருங்கள்.