மலை ரயில் பக்கமும் கூகுளின் பதில் பெட்டியும்: குன்னூரிலிருந்து கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு பல வருடமாகச் சுற்றுலா தளங்களுக்கு எழுதி வருகிறேன். கூகுளில் தேடினால் எல்லா முடிவுக்கும் மேலே ஒரு பெட்டியில் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்த பதில் வருகிறதே, அந்த ஸ்னிப்பெட்டைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள்.

கோத்தகிரி, தங்கும் விடுதி: அக்கா, மலை ரயில் பற்றி 1500 வார்த்தையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ரயில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினால் ஐந்தாவதாக வருகிறது. பெட்டியில் மட்டும் வேறொருவர் பக்கம். என்ன குறை?

உங்கள் பக்கத்தை முழுவதும் படித்தேன். முதல் பத்தியில் மலையின் அழகு, இரண்டாவதில் 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம், அப்புறம் பாலங்கள். பயண நேரம் ஏழாவது பத்தியில்தான் வருகிறது, அதுவும் "காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்" என்று.

கூகுள் அந்தப் பெட்டிக்குப் பதிலைத் தானே எழுதுவதில்லை. ஏதோ ஒரு பக்கத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. உங்கள் பக்கத்தில் எந்த இடத்தில் வெட்டினாலும், அந்தத் துண்டு தனியாக நின்று பதில் சொல்லவில்லை. அதுதான் குறை.

ஏழாவது பத்தியை மேலே கொண்டுவந்து இப்படி மாற்றிப் பாருங்கள்:

```
<h2>மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு
மலை ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும்?</h2>
<p>மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு
மலை ரயிலில் செல்ல சுமார் 5 மணி நேரம் ஆகும்.
தூரம் 46 கி.மீ.தான். ஆனால் கல்லாறு முதல்
குன்னூர் வரை ஏற்றம் அதிகம் என்பதால், ரயில்
பல்சக்கரத்தின் உதவியோடு மெதுவாக ஏறுகிறது.
இறங்கி வர சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும்.</p>
```

மக்கள் தேடும் சொற்களே துணைத்தலைப்பு. அதற்கு அடுத்த வரியிலேயே பதில், நடுவில் படமோ முன்னுரையோ கிடையாது. முதல் வாக்கியத்தில் ஊர், ரயில், நேரம் மூன்றும் இருக்கின்றன. "இந்தப் பயணம்", "மேலே சொன்னபடி" என்று தொடங்கியிருந்தால் வெட்டி எடுத்த பிறகு எந்தப் பயணம் என்று யாருக்கும் தெரியாது. காரணம் இரண்டாவதாக வருகிறது. அழகும் பாலமும் யுனெஸ்கோவும் இதற்குக் கீழே தாராளமாக இருக்கட்டும், நீக்க வேண்டாம்.

நீங்கள் ஏற்கெனவே ஐந்தாவது இடத்தில் இருப்பதால்தான் இந்த வேலைக்குப் பலன் இருக்கிறது. பெட்டிக்குப் பெரும்பாலும் முதல் பக்கத்தில் உள்ளவர்களிடமிருந்துதான் எடுக்கிறார்கள். நாற்பதாவது இடத்தில் இருப்பவர் பத்தியை எவ்வளவு செதுக்கினாலும் எட்டாது. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: முதலில் முதல் பக்கம், அப்புறம் பெட்டி.

உதகை, விளம்பர நிறுவன ஊழியர்: 40 முதல் 60 வார்த்தை என்பது கூகுளின் விதி. அதோடு FAQ ஸ்கீமா என்ற கேள்வி பதில் குறியீட்டையும் பக்கத்தில் போட்டால்தான் எடுக்கும். இரண்டையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த எண்ணிக்கை, ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கணக்கிட்டது. கூகுள் அப்படி ஒரு விதி வைக்கவில்லை. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக வருவது தமிழில் "போகவேண்டியிருக்கும்" என்று ஒரே சொல்லாகிவிடும். அதனால் தமிழில் சொல்லை எண்ணாதீர்கள், மூன்று நான்கு வாக்கியத்தில் முடியுங்கள்.

ஸ்கீமா விஷயம் தவறு. பெட்டிக்கென்று எந்தக் குறியீடும் கிடையாது என்று கூகுளே சொல்கிறது. FAQ ஸ்கீமா போட்டால் தேடல் முடிவின் கீழே கேள்விகள் விரிந்தது வேறு வசதி. அதையும் 2023 ஆகஸ்டில் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

கூடலூர்: பதில் எத்தனை வார்த்தை இருக்க வேண்டும்?

மேலே உதகைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கொடைக்கானல், டாக்சி ஓட்டுநர்: இ-பாஸ் எடுப்பது எப்படி என்று எழுதலாமென்று இருக்கிறேன். பத்தியா, பட்டியலா?

"எப்படி" என்று கேட்டு, பதில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலையாக இருந்தால் பட்டியல்தான். அதை உண்மையான எண் பட்டியலாக, `<ol>` என்று போடுங்கள். படிகளைப் படமாக வரைந்து போட்டால் பட்டியலாக எடுக்க அங்கே எழுத்தே இருக்காது. எழுதும் முன் அந்தக் கேள்வியை நீங்களே தேடி, இப்போது பெட்டியில் பத்தி வருகிறதா பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். அதே வடிவில் கொடுப்பது நல்லது.

ஆனால் தம்பி, இந்தத் தலைப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதற்கு முன்பு நான் எழுதிய ஒரு பக்கத்தில் "வாகனத்துக்கு முன் அனுமதி தேவையில்லை" என்று ஒரு வரி இருந்தது, அது பெட்டியிலும் இருந்தது. உத்தரவு வந்த அன்றே பக்கத்தைத் திருத்தினேன். பெட்டியில் மட்டும் பழைய வரி நான்கு நாள் நின்றது. அதை நம்பி வந்த ஒரு குடும்பம் மலையடிவாரச் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தது. கூகுள் உங்கள் பக்கத்தைத் திரும்ப வந்து படிக்கும்வரை பெட்டி மாறாது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்கள், எந்தத் தேதியின் நிலவரம் என்பதைப் பதிலுக்குள்ளேயே எழுதுங்கள்.

குன்னூர், தேயிலைக் கடை: பெட்டியிலேயே பதில் கிடைத்துவிட்டால் என் பக்கத்துக்கு எதற்கு வருவார்கள்? நாமே நம் வயிற்றில் அடித்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

நியாயமான பயம். 2020 ஜனவரியிலிருந்து பெட்டியில் வரும் பக்கம் அதே முதல் பக்கத்தில் கீழே இன்னொரு முறை வருவதில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர் போனவர்தான்.

அதனால் எந்தக் கேள்வி என்பதுதான் முக்கியம். "தொட்டபெட்டா உயரம் எவ்வளவு" என்று கேட்பவருக்கு 2,637 மீட்டர் போதும், உள்ளே வரமாட்டார். மலை ரயில் 5 மணி நேரம் என்று படித்தவருக்கு டிக்கெட், எந்தப் பக்கம் உட்காருவது என்று அடுத்த கேள்வி எழும்.

கோத்தகிரி: அண்ணா, என் விடுதிக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் ரயில் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பெட்டியில் என் விடுதி பெயர் தெரிந்தாலே எனக்குப் போதும்.

தேயிலைக் கடை: உங்களுக்கு அறை விற்க வேண்டும், சரி. நான் தேநீர் போடும் பக்குவத்தை எழுதி, படிக்க வருகிறவருக்குத் தூள் விற்கிறேன். பக்குவத்தை வெளியிலேயே கொடுத்துவிட்டால்?

அப்படியென்றால் உங்களுக்குப் பெட்டி வேண்டாமென்றே வைத்துக்கொள்ளலாம். முழுப் பக்கத்துக்கும் `nosnippet` என்ற குறியீட்டைப் போட்டால் பெட்டி போய்விடும். ஆனால் சாதாரண முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியும் சேர்ந்து போய்விடும், கவனம். பக்குவத்தை மட்டும் மறைக்க வேண்டுமென்றால்:

```
<div data-nosnippet> ... </div>
```

தேயிலைக் கடை: நாளைக்கு ஒரு பக்கத்தில் மட்டும் போட்டு, ஒரு மாதம் விற்பனையைப் பார்க்கிறேன்.

செய்யுங்கள் அண்ணா. நீங்கள் விட்ட பெட்டியை இன்னொரு கடைக்காரர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதில் எனக்கும் முடிவான பதில் இல்லை.

பூம்பாறை, ஹோம்ஸ்டே: மேப்பில் எங்களுக்கு 3.9 நட்சத்திரம்தான். பெட்டியில் அதைக் கூட்டிக் காட்ட என்ன எழுத வேண்டும்?

அது விருந்தினர் மேப்பில் கொடுக்கும் மதிப்பெண். பக்கத்தில் எழுதி மாற்ற முடியாது, இந்தப் பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குந்தா: பட்டியலுக்கும் 40 வார்த்தைதானா?

வார்த்தைக் கணக்கை இன்றைக்கு இதோடு விட்டுவிடுவோம்.

கோத்தகிரி: மாற்றிவிட்டேன் அக்கா. பெட்டி கிடைத்தால் சர்ச் கன்சோலில் எங்கே தெரியும்?

தனியாகத் தெரியாது. அந்தக் கேள்விக்கான சராசரி இடம் 5-லிருந்து 1-ஐ நோக்கி நகர்ந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் மறைநிலைச் சாளரத்தில் நீங்களே தேடுங்கள். பெட்டியைத் தட்டிப் போகும்போது பெரும்பாலும் முகவரியின் கடைசியில் `#:~:text=` என்று வரும், உங்கள் பத்தி வண்ணம் பூசித் தெரியும். எந்த வாக்கியத்தை வெட்டினார்கள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். "இறங்கி வர மூன்றரை மணி" வரியை மட்டும் எடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அந்த வரியைத் தனிக் கேள்விக்குக் கீழே நகர்த்துவோம்.