மருத்துவமனை பில்லைக் குறைக்கக் கேட்பது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு நிமோனியா. ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் ஐ.சி.யு.வில் வைத்துப் பார்த்தார்கள். பில் 3,80,000 ரூபாய். கடன் வாங்கி 2,10,000 கட்டிவிட்டோம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாதம் 14,000 சம்பளம் வாங்குகிறேன். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். வருமானச் சான்றிதழ் வைத்துக் கேட்டால் குறைப்பார்களா? ஆண்டு வருமானம் 72,000 என்று போட்டு வாங்கித் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தத் தெரிந்தவரை விட்டு விலகுங்கள். உங்கள் சம்பளச் சீட்டைக் கூட்டினால் வருடத்துக்கு 1,68,000 வருகிறது. சான்றிதழில் 72,000 என்று இருந்தால், மனுவைப் பார்ப்பவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். 14,000 சம்பளத்தில் 1,70,000 பாக்கி என்பதே போதுமான கஷ்டம், வருமானத்தைக் குறைத்துக் காட்ட வேண்டியதில்லை.

சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். டிஸ்சார்ஜுக்குள் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது ஒரு தாளுக்கு இவ்வளவு மேசைகள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விண்ணப்பித்த ரசீது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, கடன் வாங்கியதற்கான அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வைத்து இன்றே மனு கொடுங்கள். சான்றிதழ் பின்னால் வரட்டும்.

பில்லிங் கவுன்டரில் கேட்டுப் பயனில்லை, அங்கே இருப்பவருக்குக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. மனுவை மருத்துவக் கண்காணிப்பாளர் அல்லது நிர்வாக அதிகாரி பெயருக்கு எழுதுங்கள். சமூகப் பணியாளர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். அதோடு, அப்பாவைப் பார்த்த டாக்டரிடம் “குடும்பம் சிரமத்தில் இருக்கிறது, பரிசீலிக்கவும்” என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். என் அனுபவத்தில், சான்றிதழைவிட இந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

பொதுவாக “குறைத்துத் தாருங்கள்” என்று எழுதாமல், வகைவாரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. உங்கள் பில் இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: மருந்தும் ஊசி, குழாய் போன்ற பொருட்களும் 1,35,000, ஐ.சி.யு., அறை வாடகை 95,000, டாக்டர் கட்டணம் 60,000, பரிசோதனை 50,000, நர்சிங், கருவிகள் 40,000. மருந்து மருத்துவமனையே வெளியிலிருந்து வாங்கியது, அதில் பெரும்பாலும் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். திருப்பிக் கொடுத்த மருந்துகள் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், விட்டுப்போவது சகஜம். மற்ற 2,45,000 மருத்துவமனையும் டாக்டரும் தங்கள் கையில் வைத்திருக்கும் தொகை. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50,000 குறைக்கக் கேட்பது நியாயமானதுதான். “50,000 குறைத்தால், இன்று 70,000 கட்டி, மீதி 50,000-ஐ மாதம் 5,000 வீதம் கட்டுகிறேன்” என்று தொகையோடு எழுதுங்கள். நோயாளி எண்ணைப் போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். முழுப் பணத்தையும் கட்டி இறுதி ரசீது வாங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. உங்கள் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் வெளியே. ஆனால் அப்பா, அம்மா தனி ரேஷன் கார்டில், தனி வருமானத்தில் இருந்தால் கணக்கு வேறு. அப்பா பெயரில் ஏற்கெனவே காப்பீட்டு அட்டை இருக்கலாம், வாங்கிப் பீரோவில் போட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். அட்டை இருந்து, மருத்துவமனையும் திட்டப் பட்டியலில் இருந்து, இந்தச் சிகிச்சையும் அதில் வருகிறதென்றால் பேச்சே வேறு. அங்குள்ள காப்பீட்டுத் திட்டத் தொடர்பாளரிடம் இன்றே கேளுங்கள். முன் அனுமதி வாங்கித்தான் அந்தப் பணம் நகரும், அதனால் நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். அட்டைக்காகவே புதிதாக ரேஷன் கார்டைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரும் முதலாமவரின் பங்காளிதான்.

கவுன்டர் அருகே நின்று “பத்து சதவீதம் கொடுங்க, பாதியாக்கித் தர்றேன்” என்பவரிடம் அசல் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள். பல நேரம் நீங்கள் மனு கொடுத்துக் கிடைக்கும் சலுகையைத்தான் அவர் தன் சாதனையாகக் காட்டுகிறார்.

பாக்கிக்காக அப்பாவை வெளியே விடாமல் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. பாக்கியைச் சட்டப்படி வசூலிக்க அவர்களுக்கு வழி உண்டு. அதனால்தான் சில இடங்களில் தேதி போடாத செக் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். அது திரும்பினால் சிவில் கடன் கிரிமினல் வழக்காகிவிடும். தவணை விவரம் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.