டேக் வேலை செய்யாத மூன்று நாள் கணக்கு

“வெள்ளி முதல் ஞாயிறு வரை, எங்கள் இணையதளத்தில் வாட்ஸ்அப் பட்டன் அழுத்தல்களை எண்ணும் டேக் வேலை செய்யவில்லை. கன்னியாகுமரி ஹோம்ஸ்டேக்கு வந்த வாட்ஸ்அப் விசாரிப்புகள் ரிப்போர்ட்டில் பூஜ்யம். என்ன போடுவது?”

முதலில் போனைப் பாருங்கள். அந்த நாட்களின் புது சாட்டுகள் இருந்தால் அதையும் ஒரு சான்றாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டனை அழுத்தியவர் எல்லாரும் மெசேஜ் அனுப்புவதில்லை, அதனால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

விளம்பரக் கிளிக்குகள் விளம்பரக் கணக்கில் எப்படியும் பதிவாகியிருக்கும். முந்தைய நான்கு வாரங்களின் வெள்ளி, சனி, ஞாயிறை மட்டும் எடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா மாதிரி வாரம் வந்தால் விட்டுவிடுங்கள். 1,200 கிளிக்கில் 36 விசாரிப்பு என்றால் 3%. அந்த மூன்று நாளில் 300 கிளிக் என்றால் சுமார் 9. வாரவாரம் விகிதம் 2%, 4% என்று ஆடியிருந்தால் “6 முதல் 12” என்றே எழுதுங்கள்.

அப்புறம், அந்த 9-ஐ அசல் எண்ணோடு கலக்காதீர்கள். “மதிப்பீடு” என்று தனி நெடுவரிசை, வரைபடத்தில் புள்ளிக்கோடு, கீழே தேதியும் கணக்கிட்ட முறையும். கூகுள் அனலிட்டிக்ஸ் GA4-க்குள் அந்த எண்ணை நிரப்பப் போலி நிகழ்வு அனுப்பவே வேண்டாம், பிறகு பிரித்தெடுப்பது கடினம்.