உயரமானவர்களுக்கான பைக் மாற்றங்கள்: சீட்டில் தொடங்கி விண்ட்ஷீல்டில் முடியுங்கள்

கேள்வி: என் உயரம் 6 அடி 2 அங்குலம். 2018இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்வருவேன். 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே காற்று தலையைப் பிடித்து உலுக்குகிறது. விழுப்புரம் தாண்டுவதற்குள் முழங்கால் மடங்கியபடியே மரத்துவிடுகிறது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு உயரமான விண்ட்ஷீல்டு மாட்டினேன். உலுக்கல் இன்னும் மோசமாகிவிட்டது. ஹேண்டில்பாரை உயர்த்தவா, சீட்டை மாற்றவா, வேறு விண்ட்ஷீல்டு வாங்கவா?

பதில்: மூன்றையும் தொட வேண்டியிருக்கும். ஆனால் சீட், ஹேண்டில்பார், விண்ட்ஷீல்டு என்ற வரிசையில்தான் தொட வேண்டும். சீட்டை 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் தலையும் அதே அளவு மேலே போய் வேறொரு காற்றில் நிற்கும். கையும் ஹேண்டில்பாரிலிருந்து அதே அளவு விலகும். அதனால், முதலில் விண்ட்ஷீல்டை வாங்கிவிட்டுப் பிறகு சீட்டை மாற்றினால் விண்ட்ஷீல்டுக்குக் கொடுத்த பணம் வீண். புதிய விண்ட்ஷீல்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், விற்க வேண்டாம். இப்போதைக்குப் பழையதே இருக்கட்டும்.

முழங்காலைத் தொந்தரவு செய்வது எது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களுடைய பழைய மாடலில் பெட்ரோல் டேங்கின் இரு பக்கமும் உள்ள கம்பிச் சட்டம் உயரமானவர்களின் முட்டியில் இடிக்கும். 2021இல் நிறுவனமே அதன் வடிவத்தை மாற்றியது. முட்டியின் முன்பக்கத்தில் தழும்போ கன்றலோ இருந்தால் சட்டம் இடிக்கிறது என்று பொருள். முட்டிச் சிப்பிக்கு அடியிலும் தொடையின் பின்பக்கத்திலும் வலித்தால் கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சட்டத்தை அறுத்துக் குறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். நீங்கள் ஓர் அங்குலம் மேலும் பின்னும் போனாலே முட்டி அதைவிட்டு விலகிவிடும்.

மடக்கத்தை அளந்துவிடலாம். பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கமாக ஓட்டும் ஷூவோடு ஏறி உட்கார்ந்து, ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் இடுப்பு மூட்டிலிருந்து முழங்காலுக்கு ஒரு கோடு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோணம் 90 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் நீண்ட பயணத்தில் வலி வரத்தான் செய்யும். 800 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்த சீட்டில் உங்கள் உயரத்துக்காரருக்குக் கோணம் 80 டிகிரியை ஒட்டி வரக்கூடும். அப்படி இருக்கும் ஒருவருக்கு சீட்டை 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் 5 அல்லது 6 டிகிரி திறக்கும். அதோடு உட்காரும் இடத்தை 5 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் இன்னும் 3, 4 டிகிரி கிடைக்கும். மொத்தத்தில் 90ஐத் தொட்டுவிடலாம்.

பின்னுக்குத் தள்ளுவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஓட்டுபவரின் சீட்டில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். குட்டையானவரின் கால் தரையை எட்டுவதற்காக வைத்த பள்ளம் அது. உயரமானவர் எத்தனை முறை பின்னால் தள்ளி உட்கார்ந்தாலும் ஒவ்வொரு பிரேக்குக்கும் அதற்குள் வழுக்கி டேங்கோடு ஒட்டிக்கொள்வார். எனவே சீட் கடையில் "மேலே ஃபோம் ஏற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பள்ளத்தை நிரப்பி, பின்னால் வரை மட்டமாக்குங்கள்" என்று சொல்லுங்கள். உயரமும் கிடைக்கும், பின்னே நகர இடமும் கிடைக்கும்.

ஃபோமிலும் கவனம் வேண்டும். மெத்தென்ற ஃபோமை 4 சென்டிமீட்டர் ஏற்றினால் உங்கள் எடையில் அது பாதியாக அமுங்கிவிடும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சொர்க்கம். ஒரு மணி நேரம் ஓட்டியதும் அடித்தட்டு பிட்டத்தில் உறைக்கும். அடியில் கெட்டியான ரீபாண்டட் ஃபோம் 3 சென்டிமீட்டர், மேலே மென்மையான ஃபோம் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். தொடை படியும் முன் ஓரங்களைச் சரித்துவிடச் சொல்லுங்கள். ஓரம் கூர்மையாக நின்றால் தொடைக்கு அடியில் இரத்த ஓட்டம் தடைபட்டு, முழங்காலுக்காகச் செய்த வேலை பாதத்தை மரக்கச் செய்யும்.

சீட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஜமுக்காளத்தைத் தேவையான தடிமனுக்கு மடித்து சீட்டின் மேல் இறுக்கமாகக் கட்டுங்கள். கயிற்று முனை சக்கரம், செயின் பக்கம் தொங்கக்கூடாது. முதலில் வீட்டருகே மெதுவாக ஓட்டி அது நகரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு ஓர் ஐம்பது கிலோமீட்டர் போய்வாருங்கள். முழங்கால் வலி குறைந்தால் அந்த உயரத்தையே கடையில் சொல்லலாம். சிக்னலில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிகிறதா என்றும் அப்போதே பாருங்கள். உங்கள் உயரத்துக்குப் படியும்.

ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தும் துண்டுகளும் கடையில் கிடைக்கின்றன. 2.5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மூன்றரை டிகிரி கூடக் கிடைக்கும். ஆனால் வளைவில் சாயும்போது சீக்கிரம் தரையில் உரசும். கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். சீட்டில் தீர்ந்துவிட்டால் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

சீட் முடிந்ததும் ஹேண்டில்பார். இப்போது கை 4 சென்டிமீட்டர் தாழ்வாகவும், பின்னே நகர்ந்ததால் இன்னும் தொலைவாகவும் உணரும். உள்ளங்கையில் பாரம் இறங்குவதும் தோள்பட்டைகளுக்கு நடுவே எரிவதும் இதன் அறிகுறிகள். ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டி, அதை உயர்த்துவதோடு சற்றே பின்பக்கமும் கொண்டுவரும் 25 அல்லது 30 மில்லிமீட்டர் ரைசர் துண்டுகள் போதும். முழங்கை லேசாக மடங்கி, மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும். அதற்குமேல் உயர்த்தினால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் நீளம் போதாமல் இழுபடும்.

இழுபடுகிறதா என்று கண்டுபிடிக்கும் வழி இதுதான். நடு ஸ்டாண்டில், நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிவரையும் வலது கோடிவரையும் மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கோடியில் கிளட்ச் லீவரின் தளர்வு மறைந்தால் கிளட்ச் கேபிள். பிரேக் ஹோஸ் கம்பிபோல விறைத்து நின்றால் அந்த ரைசரை அன்றே கழற்றிவிடுங்கள். இந்த மூன்றில் எது இருந்தாலும் சாலையில் இறங்கக்கூடாது. ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டால் யூ டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். ரைசர் சரியாக அமைந்ததும் பிரேக், கிளட்ச் லீவர்களைப் புதிய கைக்கோணத்துக்குச் சற்றுத் திருப்பி வைக்க மறக்க வேண்டாம்.

கடைசியாகக் காற்று. விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று, ஆற்றில் பாறையைத் தாண்டும் நீர்போல, பின்னால் சுழித்துக்கொண்டு வரும். அந்தச் சுழலுக்குக் கீழே அமைதி. மேலே வேகமான, ஆனால் சீரான காற்று. சராசரி உயரக்காரரின் தலை அமைதிப் பகுதியில் இருக்கும். உங்கள் ஹெல்மெட் நேராகச் சுழலுக்குள் நிற்கிறது. பழைய விண்ட்ஷீல்டு சுழலைக் கழுத்துக்கு அனுப்பியிருக்கலாம், புதியது முகத்துக்கே அனுப்பிவிட்டது. அது போதாத உயரம், அதனால்தான் மோசமானது.

சுழல் எங்கே இருக்கிறது என்பதைத் தலையாலேயே அளக்கலாம். காற்றடிக்காத காலையில், வாகனம் குறைந்த நேரான சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்சவரம்பு 80 என்பதால் அதற்குமேல் சோதிக்கத் தேவையில்லை. முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். ஒரு கட்டத்தில் உலுக்கல் சட்டென்று நிற்கும். பிறகு முதுகை நிமிர்த்தி, ஃபுட்ரெஸ்டில் ஊன்றிச் சற்றே எழுந்து பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாக நகர்ந்து நிம்மதி கிடைத்ததோ அதுதான் உங்கள் வழி.

உதாரணமாக, 6 சென்டிமீட்டர் குனிந்ததும் அமைதியானது என்று வைத்துக்கொள்வோம். சுழலை 6 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே தள்ள வேண்டும். விளிம்பிலிருந்து ஹெல்மெட்டுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம். அந்தத் தூரத்தில், காற்றின் போக்கை 5 டிகிரி மேல்நோக்கித் திருப்பினால் தலையருகே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரும். எனவே முழு விண்ட்ஷீல்டை மாற்றுவதைவிட, விளிம்பில் கவ்வும், கோணம் மாற்றக்கூடிய சிறு டிஃப்ளெக்டர் மலிவானது, பயனுள்ளதும்கூட. அதற்கும் விண்ட்ஷீல்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அதன் வழியே நுழையும் காற்று பின்புற வெற்றிடத்தை நிரப்புவதால் சுழலின் பலம் குறையும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உங்கள் பார்வை எப்போதும் விளிம்புக்கு மேலாகவே போக வேண்டும். இரவு மழையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கின் வழியாக எதிரே வரும் வெளிச்சத்தைப் பார்ப்பது ஆபத்து.

மாறாக, சற்றே எழுந்ததும் அமைதியானது என்றால் விண்ட்ஷீல்டைக் குட்டையாக்குங்கள், அல்லது கழற்றிவிட்டே ஓட்டிப் பாருங்கள். நெஞ்சில் காற்று மோதும், ஆனால் சீராக மோதும், தலை ஆடாது. 80க்குள் ஓட்டும் உயரமானவர்களுக்கு, அதுவும் நம் ஊர் வெயிலில், இதுவே நல்ல தீர்வு என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்கிய பொருளைக் கழற்ற மனம் வராமல்தான் பலர் இதை முயல்வதில்லை.

லாரியைத் தாண்டும்போது மட்டும் தலை ஆடினால் அது லாரி கிழிக்கும் காற்று. விண்ட்ஷீல்டு அதைத் தீர்க்காது. ஹெல்மெட்டின் முன்னால் வெயில் மறைப்பான் நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரிய விண்ட்ஷீல்டும் பின்னால் கனமான பெட்டியும் சேர்ந்திருந்து, வேகத்தில் ஹேண்டில்பார் இடவலமாக ஊசலாடத் தொடங்கினால், ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள், ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டாதீர்கள். பெட்டியின் பாரத்தைக் குறைத்து விண்ட்ஷீல்டையும் இறக்கிய பிறகே மீண்டும் நெடுஞ்சாலைக்கு எடுங்கள். ரைசர் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்கி, முதல் திருச்சிப் பயணம் முடிந்து வந்ததும் டிஃப்ளெக்டரின் கவ்விகளோடு சேர்த்து இன்னொரு முறை சரிபாருங்கள்.